பேடிங், பேக்கிங், மாஸ்கிங்: நீளம் ஒவ்வாத வாக்கியங்களை ஒரே பேட்ச்சில் ஏற்றுவது

திரைப்பட விமர்சனங்களை நல்லது, கெட்டது என்று பிரிக்கும் சிறிய மாடல் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தேன். "படம் அருமை" என்ற வாக்கியத்தைத் தனியாகக் கொடுத்தால் ஒரு மதிப்பெண் வந்தது. அதே வாக்கியத்தை நீளமான வேறு இரண்டு விமர்சனங்களுடன் சேர்த்துக் கொடுத்தபோது வேறு மதிப்பெண் வந்தது. வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டுமே மாறியிருந்தது. இப்படி ஒரு மாடல் நடந்துகொண்டால் அதில் பிழை இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்தப் பிழை எங்கே ஒளிந்திருந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பேடிங், பேக்கிங், மாஸ்கிங் ஆகிய மூன்று சொற்களையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பயன்படுத்துகிறவர்கள் பலர். "பேடிங் செய்துவிட்டேன், மாஸ்க் எதற்கு?" என்றும், "பேக் செய்தால் போதும், மற்றதெல்லாம் தேவையில்லை" என்றும் பேச்சு அடிபடுகிறது. உண்மையில் இவை மூன்றும் மூன்று தனித்தனிச் சிக்கல்களுக்கான விடைகள். பேடிங் வடிவத்தைச் சரிசெய்கிறது. பேக்கிங் வலையின் நினைவைக் காக்கிறது. மாஸ்கிங் கணக்கை நேராக்குகிறது.

## முதலில், ரிக்கரன்ட் வலை செய்வது என்ன?

ரிக்கரன்ட் வலை என்பது ஒரு தொடரை இடமிருந்து வலமாக, ஒரு நேரத்தில் ஒரு சொல்லாகப் படித்துச் செல்லும் நரம்பு வலை. ஒவ்வொரு சொல்லைப் படித்த பின்பும் அதுவரை படித்ததன் சாரத்தைச் சில எண்களாகத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. அந்த எண்களின் தொகுப்பை நினைவு நிலை என்று இங்கே அழைப்போம். அடுத்த சொல் வரும்போது, பழைய நினைவு நிலையையும் புதிய சொல்லையும் கலந்து புதிய நினைவு நிலை உருவாகிறது. எல்எஸ்டிஎம், ஜிஆர்யு போன்றவை இந்தக் கலவையை இன்னும் நுட்பமாகச் செய்கின்றன என்றாலும், அடிப்படை இதுவே.

வாக்கியம் முழுவதையும் படித்து முடித்ததும் எஞ்சும் நினைவு நிலைதான் அந்த வாக்கியத்தைப் பற்றி வலைக்குத் தெரிந்த அனைத்தும். விமர்சனம் நல்லதா கெட்டதா என்ற முடிவு அதிலிருந்தே எடுக்கப்படுகிறது. கடைசிச் சொல்லுக்குப் பிறகு யாராவது அந்த நினைவில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் கதையின் மையம்.

ஒரு வாக்கியத்தை மட்டும் படிப்பதென்றால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் ஜிபியு ஒரே நேரத்தில் பல வாக்கியங்களைக் கணக்கிடும்போதுதான் அதன் வேகம் பயன்படுகிறது. அப்படி ஒன்றாக ஏற்றப்படும் வாக்கியங்களின் கூட்டமே பேட்ச். பேட்ச்சை வைக்கும் டென்சர் என்பது எண்களாலான செவ்வகக் கட்டம். அதில் ஒரு வரிசை நீளமாகவும் மற்றொரு வரிசை குட்டையாகவும் இருக்க முடியாது.

## பேடிங்: காலிக் கட்டங்களை நிரப்புவது

விண்ணப்பப் படிவங்களில் பெயரை எழுத எழுத்துக்கு ஒரு கட்டமாக இருபது, முப்பது கட்டங்கள் போட்டிருப்பார்கள். "மணி" என்று பெயர் உள்ளவர் இரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவார். பேடிங் என்பதும் இதுவே: குட்டையான தொடர்களின் முடிவில், பொருளற்ற ஒரு நிரப்பு எண்ணைப் போட்டு, எல்லாத் தொடர்களையும் பேட்ச்சின் மிக நீளமான தொடருக்குச் சமமாக நீட்டுவது.

மூன்று விமர்சனங்களை எடுத்துக்கொள்வோம்.

"படம் முழுக்க ஒரே சத்தம் தலைவலி" என்பது ஐந்து சொற்கள். "பாட்டு மட்டும் நன்று" என்பது மூன்று. "படம் அருமை" என்பது இரண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்து, 0 என்ற எண்ணை நிரப்புவதற்கென்று ஒதுக்கிவைத்தால் கட்டம் இப்படி அமையும்:

```
1 2 3 4 5
6 7 8 0 0
1 9 0 0 0
```

பதினைந்து கட்டங்களில் பத்துதான் உண்மையான சொற்கள், ஐந்து நிரப்பு. இந்த அளவுக்கு வீணாவது பெரிதல்ல. ஆனால் 200 சொற்கள் கொண்ட ஒரு விமர்சனத்துடன் 10, 12, 9 சொற்கள் கொண்ட மூன்றைச் சேர்த்தால் 800 கட்டங்களில் 231 மட்டுமே உண்மையானவை. மற்ற எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கட்டங்களில் வலை வெறுமையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஒரே நீளமுள்ள வாக்கியங்களை ஒரே பேட்ச்சில் சேர்த்துவிட்டால் இந்த வீணடிப்பு பெருமளவு குறைந்துவிடும்.

வீணாகும் நேரத்தை விடவும் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கச் சற்று மெதுவாகச் செல்ல வேண்டும்.

## பூஜ்யம் ஒன்றும் செய்யாது என்ற தவறான நம்பிக்கை

வலைக்குள் போகுமுன் ஒவ்வொரு சொல்லின் எண்ணையும் சொல் வெக்டர் என்ற எண் தொகுப்பாக மாற்றுவது எம்பெடிங் அடுக்கு. நிரப்பு எண்ணுக்குரிய சொல் வெக்டரை முழுதும் பூஜ்யமாக வைக்கலாம். பைடார்ச் என்ற நிரலகத்தில் எம்பெடிங் அடுக்குக்கு `padding_idx=0` என்று கொடுத்தால், அந்த வெக்டர் பூஜ்யமாகத் தொடங்கி, பயிற்சியின்போதும் மாறாமல் இருக்கும். இதைச் செய்தவர்களில் பலர், "உள்ளே போவது பூஜ்யம், ஆகவே நினைவு நிலை அப்படியே இருக்கும்" என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எளிய ரிக்கரன்ட் வலையின் கணக்கு இது:

```
h_new = tanh(w * x + u * h_old + b)
```

இதில் `x` என்பது உள்ளே வரும் சொல், `h_old` பழைய நினைவு, `w`, `u`, `b` மூன்றும் வலை பயிற்சியில் கற்றுக்கொண்ட எண்கள். `x` பூஜ்யமானால் `w * x` மட்டும்தான் மறைகிறது. `u * h_old + b` அப்படியே நிற்கிறது. அதன் மேல் `tanh` மறுபடியும் ஒருமுறை செயல்படுகிறது. ஆக, பூஜ்யத்தைப் படித்தாலும் நினைவு நிலை மாறத்தான் செய்யும்.

எவ்வளவு மாறும் என்று கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். நினைவு நிலை ஒரே ஓர் எண் என்றும், `u = 0.5`, `b = 0.1` என்றும் வைத்துக்கொள்வோம். "படம் அருமை" என்பதைப் படித்து முடித்ததும் நினைவு 0.80 என்று இருக்கிறது. அதாவது வலை இதை நல்ல விமர்சனம் என்று உறுதியாக நம்புகிறது. இதன்பின் மூன்று நிரப்புக் கட்டங்கள் வருகின்றன. முதல் நிரப்பில் `tanh(0.5 × 0.80 + 0.1)`, அதாவது 0.46. இரண்டாவதில் 0.32. மூன்றாவதில் 0.25.

இப்போது அதே இரண்டு சொல் நீளத்தில் "படம் மோசம்" என்று ஒரு விமர்சனம் இருந்து, அதைப் படித்ததும் நினைவு −0.80 ஆனது என்று கொள்வோம். அதே மூன்று நிரப்புகளில் அது −0.29, பிறகு −0.05, பிறகு +0.08 ஆகிறது. குறியே மாறிவிட்டது! கெட்ட விமர்சனம் என்று உறுதியாகச் சொன்ன எண், மூன்று பூஜ்யங்களைப் படித்ததும் சற்றே நல்லது என்ற பக்கத்துக்குச் சாய்ந்துவிட்டது. இன்னும் ஏழெட்டு நிரப்புகள் வந்தால் இரண்டுமே 0.195 என்ற எண்ணை ஒட்டி வந்து நின்றுவிடும். பிறகு எது பாராட்டு, எது வசை என்று பிரிக்க வழியே இருக்காது.

சூடான காப்பியையும் குளிர்ந்த மோரையும் மேசை மேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் மறந்துபோனால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. ஒன்று ஆறுகிறது, மற்றொன்று சூடேறுகிறது. இரண்டும் அறையின் வெப்பத்துக்கு வந்துசேர்கின்றன. நம் கணக்கில் 0.195 என்பது அந்த அறை வெப்பம். அது வாக்கியத்தைப் பொறுத்ததல்ல. `u`, `b` ஆகிய இரண்டை மட்டுமே பொறுத்தது. எல்எஸ்டிஎம் போன்றவற்றில் இந்த நகர்வின் வேகமும் திசையும் வேறாக இருக்கும், ஆனால் நகர்வு இல்லாமல் போகாது.

இந்தப் பிழை ஏன் எளிதில் கண்ணில் படுவதில்லை என்றால், பயிற்சி வழக்கம்போல் நடக்கிறது, விடைகள் எவ்வளவு தவறு என்பதை அளக்கும் இழப்பு என்ற எண்ணும் குறைகிறது. வலை பயிற்சியின்போது எப்போதும் நிரப்புகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், அவற்றைத் தாண்டி நினைவைக் காப்பாற்றுவதற்குத் தன் எடைகளில் ஒரு பகுதியைச் செலவிட்டுக் கற்றுக்கொள்கிறது. ஆனால் பிற்பாடு, பயனர் ஒருவர் ஒரே ஒரு வாக்கியத்தை அனுப்பும்போது நிரப்பே இருப்பதில்லை. பயிற்சியில் பார்த்த நிலைமை வேறு, வேலைக்கு வந்தபின் பார்க்கும் நிலைமை வேறு என்றாகிவிடுகிறது. என் மாடலில் நடந்தது இதுதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவே: பேடிங் கட்டத்தைச் செவ்வகமாக்குகிறது, அதைத் தவிர்க்கவும் இயலாது; ஆனால் நிரப்புக் கட்டங்களை வலை படிக்கும்படி விட்டால், கடைசி நினைவு நிலை வாக்கியத்துக்கு உரியதாக இருக்காது.

## முன்னால் நிரப்பினால் என்ன?

நிரப்பை முடிவில் போடாமல் தொடக்கத்தில் போட்டால் கடைசிக் கட்டம் எப்போதும் உண்மையான சொல்லாக இருக்குமே என்ற எண்ணம் இயல்பாகவே எழும். கெராஸ் என்ற இன்னொரு நிரலகத்தின் `pad_sequences` சொல்லாமலே அப்படித்தான் செய்கிறது. அதில் முன்னிருப்பு `padding='pre'`. இதனால் சேதம் குறைகிறது என்பது உண்மை. ஆயினும் வலை வெறும் பூஜ்ய நினைவுடன் தொடங்காமல், நம் எடுத்துக்காட்டில் 0.195-ஐ நோக்கி நகர்ந்த நினைவுடன் முதல் சொல்லைச் சந்திக்கிறது. எவ்வளவு நகர்ந்தது என்பது பக்கத்து வாக்கியத்தின் நீளத்தைப் பொறுத்தது. ஆகவே பிழை சிறுத்துவிட்டது, நீங்கவில்லை.

## பேக்கிங்: சாப்பிட்டவர் எழுந்துவிடும் பந்தி

கலியாணப் பந்தியில் பரிமாறுகிறவர் சோறு, சாம்பார், ரசம் என்று ஒவ்வொரு முறையும் வரிசையின் தலையிலிருந்து நடந்துபோகிறார். சிலருக்கு இரண்டு சுற்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. பந்தியில் மற்றவர்கள் உண்ணும்போது முன்னதாக எழுவது நம் ஊரில் மரியாதைக் குறைவு; பேக்கிங் என்ற பந்தியிலோ அதுதான் முறை. போதும் என்றவர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். அடுத்த சுற்றில் பரிமாறுகிறவர் மீதமிருப்பவர்களுக்கு மட்டுமே பரிமாறுவார்.

நம் மூன்று விமர்சனங்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். முதல் சுற்றில் மூன்று வாக்கியங்களின் முதல் சொற்கள்: 1, 6, 1. இரண்டாம் சுற்றிலும் மூன்றும் இருக்கின்றன: 2, 7, 9. இத்துடன் "படம் அருமை" முடிந்துவிட்டது, எழுந்துவிடுகிறது. மூன்றாம் சுற்றில் இரண்டு: 3, 8. "பாட்டு மட்டும் நன்று" எழுகிறது. நான்காம் சுற்றில் ஒன்று: 4. ஐந்தாம் சுற்றில் ஒன்று: 5. இவற்றை வரிசையாக எழுதினால்:

```
data        = [1, 6, 1, 2, 7, 9, 3, 8, 4, 5]
batch_sizes = [3, 3, 2, 1, 1]
```

பைடார்ச்சின் `PackedSequence` என்ற பொருளுக்குள் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். முதல் வரியில் நிரப்பே இல்லாமல் பத்து உண்மைச் சொற்கள் மட்டும் இருக்கின்றன. இரண்டாம் வரி ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. ஆகவே, பேக்கிங் என்பது பேட்ச்சை வாக்கியவாரியாக அல்லாமல் சுற்றுவாரியாக அடுக்கி, முடிந்த வாக்கியங்களை அடுத்த சுற்றிலிருந்து நீக்கும் முறை. இரண்டாம் சுற்றின் முடிவில் "படம் அருமை" எழுந்துவிட்டதால் அதன் நினைவு 0.80-இலேயே நிற்கிறது. அதைத் தொட இனி ஒருவரும் இல்லை.

இந்த அடுக்கு முறையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மூன்றாம் சுற்றில் "இரண்டு பேர்" என்று மட்டும் சொன்னால் எந்த இரண்டு பேர் என்பது தெரிய வேண்டுமல்லவா? அதற்காகத்தான் அதிகம் உண்பவர் வரிசையின் தலையிலும் குறைவாக உண்பவர் கடைசியிலும் உட்கார வேண்டும், அதாவது வாக்கியங்கள் நீளத்தின் இறங்குவரிசையில் இருக்க வேண்டும். பைடார்ச்சின் பழைய பதிப்புகளில் இந்த வரிசைப்படுத்தலை நாமே செய்தாக வேண்டும். இப்போது `enforce_sorted=False` என்று கொடுத்தால் அதுவே வரிசைப்படுத்தி, முடிவில் பழைய வரிசைக்கே திருப்பித் தந்துவிடுகிறது.

```python
lengths = torch.tensor([len(s) for s in seqs])
x = pad_sequence(seqs, batch_first=True, padding_value=0)
packed = pack_padded_sequence(emb(x), lengths,
                              batch_first=True,
                              enforce_sorted=False)
out, (h, c) = lstm(packed)
out, _ = pad_packed_sequence(out, batch_first=True)
```

கைமுறையாக வரிசைப்படுத்திய காலத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாக்கியங்களை நீளவாரியாக அடுக்கிவிட்டு, அவற்றுக்குரிய விடைகளை, அதாவது நல்லது கெட்டது என்ற குறிகளை, பழைய வரிசையிலேயே விட்டுவிட்டேன். நிரல் எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை. மாடல் மட்டும் எதையும் கற்றுக்கொள்ளாமல், எண்ணிக்கையில் அதிகமான வகையையே எல்லாவற்றுக்கும் விடையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கற்கும் வேகத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தே இரண்டு நாள் போனது.

மேலே உள்ள நிரலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பேக் செய்வதற்கு முன்னாலும் பேடிங் நடக்கிறது. எம்பெடிங் அடுக்கு செவ்வகக் கட்டத்தையே வாங்குவதால், பேக்கிங் வந்துவிட்டது என்பதற்காகப் பேடிங் போய்விடுவதில்லை. அடுத்து, `lengths` சிபியுவில் இருக்க வேண்டும், அதில் பூஜ்யம் இருக்கவே கூடாது. முன்செயலாக்கத்தில் அரிய சொற்களையெல்லாம் நீக்கி ஒரு விமர்சனம் வெறுமையாகிப்போனால், நீளம் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற பிழைச் செய்தியுடன் பயிற்சி நடுவழியில் நின்றுவிடும். அப்படிப்பட்ட வாக்கியங்களை முன்பே களைந்துவிடுவது நல்லது.

பேக்கிங்கால் வேகம் எப்போதும் கூடும் என்று சிலர் சொல்வதுண்டு. நீளங்களில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் கூடும். எல்லா வாக்கியங்களும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருந்தால் அடுக்குவதற்கும் பிரிப்பதற்குமான செலவுதான் மிஞ்சும். என்னைக் கேட்டால், பேக்கிங்கை வேகத்துக்காக அல்ல, நினைவு நிலையின் தூய்மைக்காகவே செய்ய வேண்டும்.

## இருதிசை வலையில் சேதம் இருமடங்கு

வாக்கியத்தை முன்னிருந்தும் பின்னிருந்தும் படித்து இரண்டு நினைவுகளையும் சேர்த்துக்கொள்ளும் வலைக்கு இருதிசை வலை என்று பெயர். பின்னிருந்து படிக்கும் பாதி, பேக்கிங் இல்லாதபோது "படம் அருமை" என்பதை எப்படிப் படிக்கும் என்று பாருங்கள்: வெறுமை, வெறுமை, வெறுமை, அருமை, படம். முதல் மூன்று சுற்றுகளிலேயே நினைவு எங்கோ நகர்ந்துவிடுகிறது. முன்திசையில் உண்மையான கடைசிச் சொல்லின் இடத்தைத் தேடி எடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். பின்திசையில் எந்த இடத்தில் எடுத்தாலும் வெறுமையைப் படித்த பின் வந்த நினைவுதான் கிடைக்கும். பேக் செய்திருந்தால் பந்தி தலைகீழாக நடக்கிறது: ஐந்தாம் சொல்லில் ஒருவர் மட்டும் உட்கார்கிறார், மூன்றாம் சொல்லில் இரண்டாமவர் வந்து சேர்கிறார், இரண்டாம் சொல்லில் மூன்றாமவர் சேர்கிறார். ஒவ்வொருவரும் தம் உண்மையான கடைசிச் சொல்லிலிருந்தே தொடங்குகிறார்கள்.

இங்கே இன்னொரு வழுக்கல் இருக்கிறது. வாக்கியத்தின் இறுதி நினைவு வேண்டுமென்று `out[:, -1]` என்று எழுதுவது பலருக்கும் கைப்பழக்கம். பேக் செய்து மீண்டும் விரித்த கட்டத்தில், குட்டையான வாக்கியத்தின் கடைசி இடத்தில் இருப்பது வெறும் பூஜ்யங்கள். வேண்டியது `h`-க்குள் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அதனதன் கடைசிச் சொல்லின்போது இருந்த நினைவு சரியாக வைக்கப்பட்டிருக்கும். இருதிசை வலையாக இருந்தால், மேலடுக்கின் `h[-2]` முன்திசைக்கும் `h[-1]` பின்திசைக்கும் உரியவை.

சுருங்கச் சொன்னால், பேக்கிங் முடிந்த வாக்கியத்தை எழுப்பிவிடுகிறது. ஆனால் அது எழுந்த இடத்தில் விட்டுச்சென்ற நினைவைச் சரியான இடத்திலிருந்து எடுப்பது நம் பொறுப்பு.

## மாஸ்கிங்: வராதவர்களைச் சராசரியில் சேர்க்காதே

விமர்சனத்துக்கு ஒரே விடை என்ற வேலையில் கதை இத்துடன் ஏறத்தாழ முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விடை வேண்டிய வேலைகளில்தான் அடுத்த சிக்கல் வருகிறது. ஒவ்வொரு சொல்லும் பெயரா, வினையா, உரிச்சொல்லா என்று குறிக்கும் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் கட்டத்தில் பதினைந்து இடங்கள் இருக்கும். விடை கேட்க வேண்டிய இடங்கள் பத்துதான்.

மாஸ்க் என்பது, எந்தக் கட்டம் உண்மை, எது நிரப்பு என்பதை ஒன்று, பூஜ்யம் என்ற எண்களால் சொல்லும் இணைக் கட்டம். நம் பேட்ச்சுக்கு அது இப்படி இருக்கும்:

```
1 1 1 1 1
1 1 1 0 0
1 1 0 0 0
```

பேக் செய்துவிட்டோமே, இது எதற்கு என்று கேட்கலாம். `pad_packed_sequence` கட்டத்தை மீண்டும் விரிக்கும்போது நிரப்பு இடங்களில் பூஜ்யத்தை வைக்கிறது. அடுத்து வரும் லீனியர் அடுக்கு அந்தப் பூஜ்யத்துடன் தன் பயஸ் எண்களைக் கூட்டி, அங்கேயும் ஒரு விடையைச் சொல்லிவிடுகிறது. இழப்புச் சார்பு, அதாவது விடை எவ்வளவு தவறு என்பதை ஓர் எண்ணாக அளக்கும் கணக்கு, அந்த விடைக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறது.

தேர்வு எழுத வராதவர்களுக்கும் முழு மதிப்பெண் போட்டு வகுப்புச் சராசரி எடுத்தால் வகுப்பு நன்றாகப் படிப்பதுபோல் தோன்றுமல்லவா? பத்து உண்மைச் சொற்களில் ஒவ்வொன்றின் இழப்பும் 1.5 என்று வைத்துக்கொள்வோம். நிரப்பு இடங்களில் எப்போதும் ஒரே விடைதான் என்பதால் வலை அதை விரைவிலேயே கற்றுக்கொள்ளும். அங்கே இழப்பு 0.03 என்று கொள்வோம். பதினைந்துக்கும் சராசரி எடுத்தால் 15.15-ஐ 15-ஆல் வகுத்து 1.01 வரும். உண்மையான இழப்பு 1.5. சரியான விடைகளின் விழுக்காட்டிலும் இதே ஏமாற்றுதான்: பத்தில் ஆறு சரி என்றால் 60 விழுக்காடு, ஐந்து நிரப்புகளையும் சரி என்று சேர்த்தால் பதினைந்தில் பதினொன்று, 73 விழுக்காடு. நிரப்பு கூடக் கூட மாடல் கெட்டிக்காரனாகிக்கொண்டே போகும்!

இதற்கு மருந்து, நிரப்பு இடங்களின் இழப்பை மாஸ்க்கால் பெருக்கிப் பூஜ்யமாக்குவது. ஆனால் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் இங்கேதான் அதிகம். பெருக்கிவிட்டு வழக்கம்போல் `.mean()` போட்டால், மேலே 15 என்ற தொகையை மீண்டும் 15 கட்டங்களால் வகுத்து 1.0 என்று வரும். தொகையிலிருந்து வராதவர்களை நீக்கிவிட்டு, தலைக்கணக்கில் மட்டும் அவர்களை வைத்துக்கொண்டதுபோல ஆகிவிடுகிறது. நீளங்கள் ஒவ்வாத பேட்ச்சில் இழப்பு குறைவாகவும், ஒத்த பேட்ச்சில் அதிகமாகவும் தெரியும். கற்கும் வேகமும் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறிக்கொண்டே இருக்கும். வகுக்க வேண்டியது மாஸ்க்கில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கையால்.

```python
pos = torch.arange(x.size(1))
mask = pos[None, :] < lengths[:, None]
loss = (token_loss * mask).sum() / mask.sum()
```

இதில் `token_loss` என்பது `reduction="none"` என்று கேட்டு வாங்கிய, கட்டத்துக்கு ஒன்றான இழப்பு. இதையே `CrossEntropyLoss`-இன் `ignore_index` தானாகச் செய்துதரும். வகுக்கும் எண்ணிக்கையையும் அதுவே சரியாகப் பார்த்துக்கொள்ளும். அதன் முன்னிருப்பு மதிப்பு −100. ஆகவே விடைக் கட்டத்தை நிரப்பும்போது `padding_value=-100` என்று கொடுத்துவிடுவது பாதுகாப்பு. விடைகளையும் 0-ஆல் நிரப்பிவிட்டு, பெயர்ச்சொல்லுக்கான குறியும் 0 என்றே வைத்திருந்தால், நிரப்பு எல்லாம் பெயர்ச்சொல் என்று வலை கற்றுக்கொள்ளும்; `ignore_index=0` என்று போட்டாலோ உண்மையான பெயர்ச்சொற்கள் எல்லாம் கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

மேலே மாஸ்க்கை `x != 0` என்று எழுதாமல் நீளத்திலிருந்து உருவாக்கியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. சொற்களில் 0 என்ற எண்ணை நிரப்புக்கென்றே ஒதுக்க முடியும். மழைமானி நாள்தோறும் தரும் அளவுகளோ, ஒலிப்பதிவின் மாதிரிகளோ தொடராக வரும்போது 0 என்பது மழை பெய்யாத நாள், ஒலியில்லாத கணம். அது உண்மையான செய்தி. மதிப்பைப் பார்த்து நிரப்பை ஊகித்தால் கோடைக்காலம் முழுவதும் நிரப்பாகிவிடும். நீளத்தைத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

## மாஸ்க்கை நினைவுக்கும் போடலாம்

பேக்கிங் செய்யும் வேலையை மாஸ்க்காலும் செய்ய முடியும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய நினைவைக் கணக்கிட்டபின், அந்தக் கட்டம் நிரப்பாக இருந்தால் புதியதை எறிந்துவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் வழி:

```
h = m * h_new + (1 - m) * h_old
```

`m` என்பது மாஸ்க்கில் அந்தக் கட்டத்தின் மதிப்பு. நம் எடுத்துக்காட்டில் 0.80 என்ற நினைவு மூன்று நிரப்புகளிலும் 0.80 ஆகவே கடந்துவருகிறது. கெராஸில் எம்பெடிங் அடுக்குக்கு `mask_zero=True` என்று கொடுத்தால் ரிக்கரன்ட் அடுக்குகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. எழுந்துபோகாமல் இலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குச் சமம் இது: உணவு விழாது, ஆனால் பரிமாறுகிறவர் அந்த இலையையும் கடந்துதான் போக வேண்டும். விடை பேக்கிங்கில் வருவதேதான். கணக்கிடும் வேலை மட்டும் மிச்சமாவதில்லை. ரிக்கரன்ட் செல்லைத் தாமே எழுதிக்கொள்பவர்களுக்குப் பேக்கிங்கைவிட இந்த வழி எளிது.

## சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

என் மாடலின் பிழையைக் காட்டிக்கொடுத்த கேள்வியையே சோதனையாக மாற்றிக்கொள்ளலாம். ஒரு குட்டை வாக்கியத்தைத் தனியாக ஓட்டி ஒரு விடையை எடுங்கள். அதையே நீளமான வாக்கியங்களுடன் ஓட்டி இன்னொரு விடையை எடுங்கள். இரண்டையும் கழித்துப் பாருங்கள்.

```python
model.eval()
with torch.no_grad():
    alone = model(x[2:3, :2], lengths[2:3])
    together = model(x, lengths)[2:3]
print((alone - together).abs().max())
```

`model.eval()` இல்லாவிட்டால் டிராப்அவுட் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்களை மறைத்து, பிழையே இல்லாத மாடலையும் பிழையுள்ளதுபோல் காட்டிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் வித்தியாசம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில், தசமக் கணக்கின் இயல்பான உரசலாக மட்டுமே இருக்கும். 0.01 என்றோ 0.3 என்றோ வந்தால் எங்கோ நிரப்பு உள்ளே கசிகிறது.

எங்கே கசிகிறது என்று அறிய இன்னொரு சோதனை உதவும். நிரப்பு இடங்களில் உள்ள 0-களை அழித்துவிட்டு அங்கே ஏதாவது உண்மையான சொல்லின் எண்ணை, "தலைவலி" என்பதன் 5-ஐ என்று வையுங்கள், போட்டு ஓட்டிப் பாருங்கள். நீளங்களை மட்டும் மாற்றாதீர்கள். நிரப்பை யாரும் படிக்கவில்லை என்றால் விடை துளியும் அசையாது. அசைந்தால் முதலில் எம்பெடிங், பிறகு ரிக்கரன்ட் அடுக்கின் `h`, பிறகு லீனியர், கடைசியில் இழப்பு என்று ஒவ்வொன்றின் வெளியீட்டையும், உண்மைச் சொற்களின் இடங்களில் மட்டும், அச்சிட்டு ஒப்பிட்டுக்கொண்டே போனால், எந்த அடுக்கில் முதன்முதலாக எண் மாறுகிறதோ அங்கே பிழை இருக்கிறது. என் மாடலில் அது `h`-இலேயே மாறியது. `pack_padded_sequence` என்ற வரியை எழுதியிருந்தும், அடுத்த வரியில் `lstm(packed)` என்பதற்குப் பதிலாக `lstm(emb(x))` என்று கொடுத்திருந்தேன்.